அம்மாவின் கணக்கைப் பார்க்க பாஸ்வேர்டு எதற்கு?

ஊரிலிருக்கும் அம்மாவின் வங்கிக் கணக்கை வெளியூரில் வேலை பார்க்கும் மகன் கவனிக்க வேண்டியிருக்கிறது. பாஸ்வேர்டை வாங்கிக்கொள்வதுதான் பலர் செய்வது. அதில் ஒரு சிக்கல்: ரகசிய விவரங்களைப் பகிர்ந்ததால் பணம் பறிபோனால், வங்கிக்குப் புகார் சொல்லும்வரையிலான நஷ்டம் வாடிக்கையாளருடையது என்றது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை.

நேர்வழி, அம்மா கிளைக்குப் போய் மகனுக்கு அதிகாரக் கடிதம் கொடுப்பது. வங்கிகள் இதை ‘மேண்டேட்’ என்கின்றன. மகனின் கேஒய்சி ஆவணங்களும் மாதிரிக் கையெழுத்தும் கேட்பார்கள். கணக்கை இயக்கும் அதிகாரம் வேண்டாம், விவரம் பார்த்தால் போதும் என்று கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மகனுடைய சொந்த நெட்பேங்கிங்கில் ‘பார்வை மட்டும்’ உரிமை தர முடியுமா என்பது வங்கிக்கு வங்கி மாறும். இல்லையென்றால் மாதாந்திர ஸ்டேட்மெண்ட் கேட்டு வாங்கலாம்.

பெரிய தொகையை விட, மாதந்தோறும் ஒரே தேதியில் போகும் சிறு தொகைகளைப் பாருங்கள். ‘ஏசிஹெச்’ அல்லது ‘நாச்’ என்ற குறிப்புடன் 499 ரூபாய் கழிந்திருந்தால், “இது எதுக்கும்மா?” என்று கேளுங்கள். அவருக்கே தெரியவில்லையென்றால், அந்தத் தானியங்கிப் பிடித்தத்தை நிறுத்தச் சொல்லி அவரே கிளையில் எழுதிக் கொடுக்கலாம்.

அம்மா எப்போது வேண்டுமானாலும் மேண்டேட்டை ரத்து செய்யலாம். அவர் காலமானால் அது தானாகவே முடிந்துவிடும். நாமினி நியமனம் தனி விஷயம்.