லாபம் இருக்கிறது, சம்பளத்துக்குப் பணம் இல்லை

திருப்பூரில் உள்நாட்டுச் சந்தைக்கு பனியன், டி-ஷர்ட் தைத்து அனுப்பும் ஒரு சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். புரிவதற்காக எண்களை நானே முழுத்தொகையாக வைத்திருக்கிறேன், ஆனால் இந்தக் கதையை அந்த ஊர் ஆடிட்டர் யாரும் புதிது என்று சொல்ல மாட்டார். போன வருஷம் 4 கோடி ரூபாயாக இருந்த விற்பனை இந்த வருஷம் 6 கோடி. வரிக்கு முந்தைய லாபம் 40 லட்சம். ஆனாலும் சனிக்கிழமை சம்பளம் போட முதலாளி வங்கி மேலாளரை அழைக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு விடை லாப நட்டக் கணக்கில் கிடைக்காது. சரக்கை அனுப்பி பில் போட்ட அன்றே அது விற்பனையாக அங்கே ஏறிவிடும். பணம் எப்போது வந்தது என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. அதைக் கேட்பது கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட், அதாவது பணப்புழக்க அறிக்கை. கம்பெனிகள் சட்டம், 2013 சிறு நிறுவனங்களுக்கு இந்த அறிக்கையிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது. அது அதிகம் தேவைப்படுகிறவர்களே அதைப் பார்க்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இரண்டு வருஷ பேலன்ஸ் ஷீட்டை ஆடிட்டரிடம் கொடுத்துக் கேட்டால் தயாரித்துத் தருவார்.

அறிக்கை லாபத்திலிருந்து தொடங்குகிறது. 40 லட்சத்தோடு தேய்மானம் 15 லட்சத்தைக் கூட்டுகிறார்கள். இதைப் பார்த்து தேய்மானத்தால் பணம் வருகிறது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். வருவதில்லை. கையைவிட்டுப் போகாத செலவைக் கணக்கில் கழித்திருந்தோம், அதைத் திரும்பச் சேர்க்கிறோம், அவ்வளவுதான். வட்டி 12 லட்சம் பின்னால் வேறு இடத்தில் வருவதால் அதையும் இங்கே கூட்டினால் 67 லட்சம் ஆகிறது.

அடுத்த மூன்று வரிகளில்தான் நிதானமாக நிற்க வேண்டும். கடைக்காரர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 60 லட்சத்திலிருந்து 105 லட்சமாகியிருக்கிறது. அதில் 45 லட்சம் முடங்கிவிட்டது. நூலும் துணியும் தைத்த சரக்குமாக இருப்பு 40 லட்சத்திலிருந்து 70 லட்சமாகியிருக்கிறது. அதில் 30 லட்சம். நூல்காரருக்கும் சாயப்பட்டறைக்கும் நாம் தரவேண்டியது 15 லட்சம் கூடியதால் அந்த அளவு மட்டும் மிச்சம். 67 லட்சத்தில் கடைசியில் நிற்பது 7 லட்சம். வருமான வரி 10 லட்சம் கட்டியதும் தொழிலிலிருந்து வந்த பணம் மைனஸ் 3 லட்சம்!

பாக்கி கூடிய அந்த 45 லட்சத்தைப் பிரித்துப் பார்க்கலாம். பாக்கியை விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்கினால், பணம் வர எத்தனை நாளாகிறது என்று தெரியும். போன வருஷம் சுமார் 55 நாள், இந்த வருஷம் 64. பழையபடி 55 நாளிலேயே வசூலாகியிருந்தால் 6 கோடி விற்பனைக்குப் பாக்கி ஏறக்குறைய 90 லட்சத்தோடு நின்றிருக்கும். ஆக, 30 லட்சம் விற்பனை வளர்ந்ததால் சிக்கியது, மீதி 15 லட்சம் வசூல் தளர்ந்ததால் சிக்கியது. சரக்கும் அப்படித்தான்: விற்பனை ஒன்றரை மடங்கானால் 40 லட்சம் 60 ஆவது இயல்பு. அதற்கு மேலுள்ள 10 லட்சம் பெரும்பாலும் போகாத சைஸ், போகாத கலர்.

மீதி அறிக்கையைச் சீக்கிரமே படித்துவிடலாம். 40 லட்சத்துக்குப் புதிய தையல் மெஷின்கள் வாங்கியிருக்கிறார்கள், அதற்கு டேர்ம் லோன் கிடைத்ததோ 30 லட்சம். பழைய கடனின் அசல் தவணை 12 லட்சம், வட்டி 12 லட்சம் போயிருக்கிறது. அசல் தவணை லாப நட்டக் கணக்கில் எங்கும் தென்படாது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்தால் 37 லட்சம் துண்டு விழுகிறது. கையிருப்பிலிருந்து 6 லட்சம் கரைந்திருக்கிறது. மற்ற 31 லட்சமும் வங்கியின் சி.சி. கணக்கிலிருந்து எடுத்தது. மெஷினுக்குக் குறைந்த 10 லட்சமும் இதில் அடக்கம். பல வருஷம் உழைக்கும் மெஷினுக்கு, நூல் வாங்க வைத்திருக்கும் லிமிட்டைத் தொட்டது தப்பு. மெஷின் வாங்கும்போதே கடனைக் கூட்டிக் கேட்டிருக்கலாம், அல்லது சில மெஷின்களைத் தள்ளிப்போட்டிருக்கலாம்.

அடுத்த வருஷம் விற்பனை 6 கோடியிலேயே நின்றால் வளர்ச்சிக்காக இன்னொரு 30 லட்சம் தேவைப்படாது, நெருக்கடி தளரும். வசூல் தளர்ந்த 15 லட்சம் அப்படித் தானாகத் திரும்பாது. அதற்குக் கடைவாரியாக 30 நாள், 60 நாள், 90 நாள் பாக்கிப் பட்டியல் எடுத்து, தொடர்ந்து தாமதிக்கும் கடைகளுக்குப் பழைய பில் தீரும்வரை புதுச் சரக்கை நிறுத்த வேண்டியிருக்கும்.

அறிக்கையை நம்புவதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். நூல்காரருக்கு மார்ச் கடைசியில் தரவேண்டியதை ஏப்ரலுக்குத் தள்ளினால், மார்ச் 31 அன்று பணநிலை உள்ளதைவிட நன்றாகத் தெரியும். ஏப்ரல் முதல் இரண்டு வாரத்து வங்கிக் கணக்கைப் புரட்டினால் அது தெரிந்துவிடும்.