பசியாற்றுதலே வழிபாடு: வள்ளலாரின் சன்மார்க்கம்

நுழையும்முன்

சமயம் ஒன்றைச் சீர்திருத்த முனைந்தோர் பலர், பழைய சடங்குகளைக் கண்டித்ததோடு நின்றனர். விலக்கிய சடங்கின் இடத்தில் எதனை வைப்பது என்னும் வினாவுக்கு விடை கண்டவர் சிலரே. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் அவ்விடையைக் கண்டவர் வடலூர் இராமலிங்க அடிகள். அவர் தோற்றுவித்த நெறி எவ்வாறு உருப்பெற்றது, எந்தச் சிக்கலை எதிர்கொண்டது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தலங்களைப் பாடிய இளமை

சென்னையின் மேற்குப் பகுதியில் உள்ள பாடி, சைவ மரபில் திருவலிதாயம் என வழங்கப்பெறும் பழம்பதி. திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. அதனையும், அதற்கு அண்மையிலுள்ள திருமுல்லைவாயிலையும் இராமலிங்க அடிகள் தம் இளமைக் காலத்தில் பாடியுள்ளார். 1823 அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த அவர், சிறுவயதிலேயே குடும்பத்துடன் சென்னைக்கு வந்து ஏழுகிணறுப் பகுதியில் வளர்ந்தார். கந்தகோட்டமும் திருவொற்றியூரும் அவர் நாள்தோறும் நினைந்துருகிய கோயில்கள். அக்காலப் பாடல்களில் அவர் உருவ வழிபாட்டில் தோய்ந்த ஒரு சைவ அடியாராகவே காட்சி தருகிறார்.

அவரே பிற்காலத்தில் உருவமற்ற ஒளியை வணங்கும் சபையை அமைத்தார். தாம் முன்பு சைவத்தின்மீது கொண்டிருந்த பற்றையும் விட்டுவிட்டதாக 1873ஆம் ஆண்டு மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருபதேசத்தில் வெளிப்படையாகக் கூறினார். ஆகவே அவருடைய புதுமை, சமயத்திற்கு வெளியே நின்ற ஒருவர் எழுப்பிய கண்டனம் அன்று. அதனுள்ளே நெடுந்தொலைவு நடந்த ஒருவர் மேற்கொண்ட அடுத்த பயணம் எனலாம்.

பெயரில் நிகழ்ந்த மாற்றம்

1858ஆம் ஆண்டளவில் சென்னையை நீங்கிய அடிகள், வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் தங்கினார். 1865இல் 'சமரச வேத சன்மார்க்க சங்கம்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். 1872இல் அதன் பெயர் 'சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்' என மாற்றப்பெற்றது. 'வேத' என்னும் சொல் நீங்கி, 'சுத்த' என்னும் சொல் அவ்விடத்தில் அமர்ந்ததை நோக்குக. நூல் ஒன்றின் அதிகாரத்தைச் சார்ந்து நின்ற சமரசம், எந்த நூலின் சார்பும் வேண்டாத சமரசமாக ஏழாண்டுகளில் மாறியது. ஒரு சிந்தனையின் வளர்ச்சியை இப்பெயர் மாற்றமே காட்டிவிடுகிறது.

பசி ஏன் முதலிடம் பெற்றது?

அடிகளின் உரைநடை நூல்களுள் முதன்மையானது 'ஜீவகாருண்ய ஒழுக்கம்'. உயிர்கள் படும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என ஏழாக அந்நூல் வகுக்கிறது. இவற்றுள் பசியையும் கொலையையும் நீக்குவதே உயர்ந்த காருண்யம் என்றும், ஏனையவற்றை நீக்குவது அதற்கு அடுத்த நிலை என்றும் தரம் பிரிக்கிறது.

இத்தரப்பிரிவுக்குக் காரணம் உண்டு. உடம்பு, உயிர் குடியிருந்து இறைவனை அறிவதற்குரிய வீடு. பிற துன்பங்கள் அவ்வீட்டில் இருப்போரை வருத்தும். பசியோ வீட்டையே எரித்துவிடும். அறிவும் அன்பும் மானமும் பசித்தவனிடம் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்வதை அடிகள் படிப்படியாக விவரிக்கிறார். எனவே ஒருவனுக்குச் சோறிடுவது அவன் வயிற்றை நிரப்பும் செயல் மட்டுமன்று. இறைவன் விளங்கும் இடத்தை அழியாமல் காக்கும் செயலும் ஆகிறது. கோயிலைப் பேணுவது வழிபாடு என்றால், இதுவும் வழிபாடே.

இங்கு ஒரு மறுப்பு எழும். 'பசித்தவன் தன் முன்வினைப் பயனை நுகர்கிறான். இறைவன் விதித்த தண்டனையில் நாம் தலையிடலாமா?' என்று சிலர் வினவினர். வினைக்கொள்கையை மறுக்காமலேயே அடிகள் இதற்கு விடை தந்தார். பெருங்குற்றம் செய்தவனையும் அரசன் சிறையில் வைத்துத் தன் ஏவலரைக் கொண்டு உணவளிக்கச் செய்கிறான். தண்டனை வேறு, பட்டினி வேறு. அரசனுக்கே இது முறை என்றால், அருளே வடிவான இறைவன் பசித்தவனுக்கு உணவிடுவோரை வெறுப்பானா? பகைவர் தரப்பின் கொள்கையை ஏற்றுக்கொண்டு, அதிலிருந்தே அவர்களுடைய முடிவைத் தகர்க்கும் வாதம் இது.

உணவிடுதல் தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலையின் அமுதசுரபி தொன்மையானது. கோயில்களிலும் மடங்களிலும் அன்னதானம் நடந்தே வந்தது. ஆயினும் அங்கெல்லாம் உணவு வழிபாட்டின் துணைச்செயலாகவோ, ஈவோர் புண்ணியம் தேடும் வழியாகவோ கருதப்பட்டது. உண்பவரின் சாதியும் பந்தியைப் பிரித்தது. அடிகளோ துணைச்செயலை முதற்செயல் ஆக்கினார். திருமணம் முதலிய இல்லற நிகழ்ச்சிகளிலும் ஆடம்பரத்தைக் குறைத்துப் பசித்தோர்க்கு உணவிடுமாறு வற்புறுத்தினார்.

இக்கருத்து செயலானது 1867 மே 23ஆம் நாள். பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்த ஏறத்தாழ 80 காணி நிலத்தில் அன்று சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. சாதி, சமய வேறுபாடின்றி எவரும் அங்கு உண்ணலாம். அன்று ஏற்றிய அடுப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்பட்டு வருகிறது.

சடங்குக்கு இடமளிக்காத சபை

தருமச்சாலைக்கு அருகில் எண்கோண வடிவில் எழுப்பப்பட்ட சத்திய ஞானசபை 1872 ஜனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று திறக்கப்பெற்றது. அங்கே தெய்வத் திருமேனி எதுவும் இல்லை. கண்ணாடியின் ஊடே ஒளிரும் விளக்கையும், அதனை மறைக்கும் ஏழு வண்ணத் திரைகளையும் மட்டுமே காணலாம். அறியாமையாகிய மறைப்புகள் நீங்கினால் அருளொளி தோன்றும் என்பதே அக்காட்சி உணர்த்தும் பொருள்.

அவ்வாண்டு சூலையில் அடிகள் சபைக்குரிய வழிபாட்டு விதிகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று ஆழ்ந்து நோக்கத் தக்கது. சபையின் உள்ளே சென்று விளக்கேற்றித் தூய்மை செய்வோர் 12 வயதுக்கு உட்பட்டவராகவோ, 72 வயதுக்கு மேற்பட்டவராகவோ இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். தகுதி பிறப்பால் வருவதில்லை, வயதால் வருகிறது. சிறுவன் சில ஆண்டுகளில் அத்தகுதியை இழப்பான். முதியவரும் நெடுங்காலம் அப்பணியில் நீடிக்க இயலாது. எனவே விளக்கேற்றும் பணி ஒருவருக்கு வாழ்நாள் தொழிலாகவோ, ஒரு குடும்பத்திற்குப் பரம்பரை உரிமையாகவோ மாற வழியில்லை. சடங்கை விலக்கினால் மட்டும் போதாது, அது மீண்டும் முளைக்கும் வாயிலையும் அடைக்க வேண்டும் என்னும் நுண்ணறிவை இவ்விதியில் காண்கிறோம்.

வாழ்க்கைச் சடங்குகளிலும் அடிகள் மாற்றம் வேண்டினார். இறந்தோரை எரிக்காமல் புதைத்தல், கருமாதி, திதி முதலியவற்றை விடுத்தல், கணவனை இழந்த பெண்ணின் தாலியை நீக்காதிருத்தல் ஆகியவற்றை 1871இல் தம் அன்பர்களுக்கு அறிவுறுத்தினார்.

எல்லையும் எதிர்ப்பும்

எல்லா உயிர்க்கும் இரங்கும் இந்நெறி ஓர் எல்லைக்கோட்டையும் வரைந்தது. கொலையும் புலால் உண்ணலும் தவிர்த்தவர் மட்டுமே ஞானசபையினுள் புகலாம். அவர்கள் அகவினத்தார், மற்றையோர் புறவினத்தார். பிறப்பால் வந்த பிரிவை அகற்றிய அடிகள், ஒழுக்கத்தால் ஒரு பிரிவை வகுத்தார் என்பது உண்மை. ஆயினும் பசி என்று வரும்போது அக்கோடு அழிந்துவிடுகிறது. புறவினத்தார்க்கும் உணவளித்தே ஆகவேண்டும் என்பது அவர் கட்டளை. சபைக்கு வாயிற்கட்டுப்பாடு உண்டு. சாலைக்கு அது இல்லை.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. 1867இல் அடிகளின் பாடல்கள் 'திருவருட்பா' என்னும் பெயருடன், திருமுறைகளாகப் பகுக்கப்பட்டு வெளிவந்தன. தேவார, திருவாசகங்களுக்கே உரிய சிறப்பை இக்காலப் பாடல்களுக்குத் தருவது தகாது எனச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் மறுத்தார். இப்பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அருள்வாக்கு பழங்காலத்தோடு முடிந்துவிட்டதா, இன்றும் ஒருவருக்கு வாய்க்குமா என்பதே அவ்வாதத்தின் அடியில் கிடந்த வினா. எந்தப் புதிய சமயநெறியும் இவ்வினாவைக் கடந்தே வரவேண்டும்.

நிறுவனர்க்குப் பின்

1874 ஜனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் அடிகள் ஓர் அறையினுள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். பின்னர் எவரும் அவரைக் காணவில்லை. அவர் ஒளியுடல் பெற்றார் என அன்பர்கள் போற்றுகின்றனர்.

அவருக்குப் பின், சபையில் அவர் விலக்கியவை மெல்லத் திரும்பின. ஒளி மட்டுமே இருந்த இடத்தில் இலிங்க வழிபாடு நுழைந்தது. அதனை நடத்துவதற்கு அருச்சகரும் வந்தார். 1872ஆம் ஆண்டு விதிகள் ஏட்டில் இருந்தன, நடைமுறையில் இல்லை. சன்மார்க்க அன்பர்கள் இதனை எதிர்த்து முறையிட்டனர். வள்ளலார் வகுத்த விதிகளின்படியே வழிபாடு நடைபெற வேண்டும் என 2006இல் இந்து சமய அறநிலையத் துறை ஆணையிட்டது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாணையை உறுதி செய்தது. அடிகள் தம் கருத்தை வாய்மொழியாக மட்டும் விட்டுச் சென்றிருந்தால், எது மரபு, எது திரிபு என்று பிரித்தறிய அளவுகோல் இருந்திராது. ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழித்துச் சபையை மீட்டது எழுதி வைத்த விதிமுறையே.

சாலையின் நிலை வேறு. விளக்கைச் சுற்றிச் சடங்கு வளர்ந்த காலத்திலும், அடுப்பைச் சுற்றி அவ்வாறு எதுவும் வளரவில்லை. உருவமற்ற ஒளியை உள்ளத்தில் நிறுத்துவது பலருக்கும் அரிது; பசித்தவர் முன் இலையை இடுவது எவருக்கும் எளிது. வடலூரில் அடிகளின் நெறி இடையறாது நிலைத்த இடம் சாலையே.

கற்பவை கற்றபின்

1. வினைக்கொள்கையை முன்வைத்து எழுந்த மறுப்புக்கு வள்ளலார் தந்த விடையை உம் சொற்களில் எழுதி, அதன் வாத முறையை விளக்குக.

2. பாடி திருவலிதாயம் கோயிலின் வழிபாட்டு முறையையும், வடலூர் ஞானசபையின் வழிபாட்டு முறையையும் ஒப்பிட்டு அட்டவணை அமைக்க.

3. 'விளக்கேற்றுவோர்க்கு வயது வரம்பு' என்னும் விதி இன்றைய பொது அமைப்பு ஒன்றுக்குப் பொருந்துமா? வகுப்பில் கலந்துரையாடுக.