எதிர்முனையில் நிற்கும் ஹைட்ரஜன்

தைலத்திலும் இருமல் மிட்டாயிலும் குளிர்ச்சி தரும் மெந்தாலை எடுத்து, அதன் ஹைட்ராக்சில் தொகுதி இருக்கும் இடத்தில் ஒரு குளோரினை வைத்தால் இரண்டு சேர்மங்கள் கிடைக்கக்கூடும். ஒன்று மெந்தைல் குளோரைடு, மற்றொன்று நியோமெந்தைல் குளோரைடு. இரண்டுக்கும் வாய்பாடு C10H19Cl. அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் வரிசையும் ஒன்றே. குளோரின் வளையத்தின் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதில் மட்டுமே வேறுபாடு.

இரண்டையும் தனித்தனியே எத்தனாலில் கரைத்து, சோடியம் எத்தாக்சைடு என்ற வலிமையான காரத்தோடு சூடாக்கினால், ஒரு ஹைட்ரஜனும் குளோரினும் வெளியேறி ஆல்க்கீன் உண்டாகிறது. நியோமெந்தைல் குளோரைடு ஏறத்தாழ 200 மடங்கு வேகமாக வினைபுரிகிறது. அது தரும் விளைபொருளில் 78 சதவீதம் 3-மெந்தீன், 22 சதவீதம் 2-மெந்தீன். மெந்தைல் குளோரைடோ மெதுவாக வினைபுரிந்து, 2-மெந்தீனை மட்டுமே தருகிறது. ஜெர்மனியில் வால்டர் ஹியூக்கலும், பின்னர் லண்டனில் ஹியூஸும் இங்கோல்டும் இந்த இணையை விரிவாக ஆராய்ந்தனர்.

பாடப்புத்தகத்தில் நாம் படித்த சேட்செஃப் விதி இங்கே பாதிதான் உதவும். இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன்களோடு எவ்வளவு அதிகமான கார்பன் தொகுதிகள் இணைந்துள்ளனவோ, அவ்வளவு நிலையானது ஆல்க்கீன். அதுவே அதிகம் உண்டாகும் என்கிறது அந்த விதி. 3-மெந்தீன்தான் அப்படிப்பட்டது. நியோமெந்தைல் குளோரைடு விதிப்படி நடக்கிறது. மெந்தைல் குளோரைடு ஏன் அதை முற்றிலும் மீறுகிறது?

விடை வளையத்தின் வடிவத்தில் இருக்கிறது. ஆறு கார்பன் கொண்ட சைக்ளோஹெக்சேன் வளையம் தட்டையானதல்ல; நாற்காலி வடிவில் மடங்கியிருக்கும். ஒவ்வொரு கார்பனிலும் வளையத்துக்கு வெளியே இரண்டு பிணைப்புகள் உண்டு. செங்குத்தாக மேலோ கீழோ நீள்வது ஆக்சியல் பிணைப்பு. பக்கவாட்டில் விரிவது ஈக்வடோரியல் பிணைப்பு. ஆக்சியல் பிணைப்புகள் அடுத்தடுத்த கார்பன்களில் மேல், கீழ் என மாறிமாறி வரும். வளையம் புரண்டு இன்னொரு நாற்காலியாகவும் மாறும். அப்போது ஆக்சியலாக இருந்தவை எல்லாம் ஈக்வடோரியலாகும், ஈக்வடோரியலாக இருந்தவை ஆக்சியலாகும். பெரிய தொகுதிகள் நெரிசல் குறைந்த ஈக்வடோரியல் இடத்தையே விரும்பும்.

இனி நீக்க வினைக்கு வருவோம். காரம் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும் அதே கணத்தில், அந்த ஹைட்ரஜனைப் பிணைத்திருந்த எலக்ட்ரான் இணை பக்கத்துக் கார்பனை நோக்கி நகர்ந்து, அங்கிருக்கும் குளோரினைப் பின்பக்கமாகத் தள்ளி வெளியேற்ற வேண்டும். கார்பன்-குளோரின் பிணைப்பை முறிக்க எலக்ட்ரான்களை ஏற்கும் வெற்று ஆர்பிட்டால், குளோரினுக்கு நேர் எதிர்ப்பக்கம் பெரிதாக விரிந்திருக்கிறது. ஆகவே ஹைட்ரஜன், கார்பன், கார்பன், குளோரின் ஆகிய நான்கும் ஒரே தளத்தில், ஹைட்ரஜனும் குளோரினும் எதிரெதிர்த் திசைகளில் இருந்தால்தான் எலக்ட்ரான்கள் எளிதாகக் கைமாறும். சங்கிலி மூலக்கூறு சுழன்று இந்த அமைப்பை அடைந்துவிடும். வளையத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. குளோரின் ஆக்சியலாக மேல்நோக்கி, பக்கத்துக் கார்பனின் ஹைட்ரஜன் ஆக்சியலாகக் கீழ்நோக்கி நிற்கும்போது மட்டுமே இது அமையும். இதைத்தான் ட்ரான்ஸ் டையாக்சியல் அமைப்பு என்கிறோம். குளோரின் ஈக்வடோரியலாக இருந்தால், அதற்கு நேர் எதிரே இருப்பவை வளையத்தின் கார்பன்-கார்பன் பிணைப்புகளே. பக்கத்து ஹைட்ரஜன்கள் சுமார் 60 பாகை கோணத்தில் விலகி நிற்கும்.

இதை நம் இரண்டு சேர்மங்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம். மெத்தில் தொகுதி உள்ள கார்பனை 1 என்று எண்ணினால், குளோரின் 3-இலும் ஐசோபுரோப்பைல் தொகுதி 4-இலும் வரும். குளோரின் உள்ள கார்பனின் அண்டைக் கார்பன்களான 2, 4 ஆகியவற்றிலிருந்துதான் காரம் ஹைட்ரஜனை எடுக்க முடியும். 2-இலிருந்து எடுத்தால் 2-மெந்தீன், 4-இலிருந்து எடுத்தால் 3-மெந்தீன்.

நியோமெந்தைல் குளோரைடில் மெத்திலும் ஐசோபுரோப்பைலும் ஈக்வடோரியலாக வசதியாக இருக்க, குளோரின் ஆக்சியலாக மேல்நோக்கி நிற்கிறது. 2-ஆம், 4-ஆம் கார்பன்கள் இரண்டிலும் கீழ்நோக்கிய ஆக்சியல் ஹைட்ரஜன் தயாராக உள்ளது. இரண்டு வழியும் திறந்திருப்பதால், நிலையான ஆல்க்கீன் முந்துகிறது. சேட்செஃப் விதி செல்லுபடியாகிறது.

மெந்தைல் குளோரைடின் வசதியான நாற்காலியில் மூன்று தொகுதிகளுமே ஈக்வடோரியல். அந்த நிலையில் வினை நடக்காது. வளையம் புரண்டு மூன்றும் ஆக்சியலாக வேண்டும். அப்போது மெத்திலும் குளோரினும் வளையத்தின் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கும், ஐசோபுரோப்பைல் எதிர்ப்பக்கம் செங்குத்தாக நிற்கும். எந்தக் கணத்திலும் இப்படி இருக்கும் மூலக்கூறுகள் மிகச் சொற்பம். வினை மந்தமாக நடப்பது இதனால்தான். அந்தச் சொற்ப மூலக்கூறுகளிலும், 4-ஆம் கார்பனில் குளோரினுக்கு எதிர்முனையை ஐசோபுரோப்பைல் பிடித்துக்கொண்டுவிட்டது; அங்குள்ள ஒரே ஹைட்ரஜன் ஈக்வடோரியலாக ஒதுங்கிவிட்டது. எஞ்சியிருப்பது 2-ஆம் கார்பனின் ஆக்சியல் ஹைட்ரஜன் மட்டுமே. ஆகவே நிலைத்தன்மை குறைந்த 2-மெந்தீன்தான் ஒரே விளைபொருள்.

ஆய்வகத்தில் இதைச் சரிபார்ப்பதும் எளிது. 2-மெந்தீனின் இரட்டைப் பிணைப்பில் இரண்டு ஹைட்ரஜன்கள், 3-மெந்தீனில் ஒன்று. அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் அந்த ஹைட்ரஜன்கள் தனிப் பகுதியில் தெரிவதால், கலவையின் விகிதத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

மெந்தைல் குளோரைடில் 3-மெந்தீன் தெரிந்தால் இரண்டு காரணங்களைச் சந்தேகிக்க வேண்டும். முதலாவது, மாதிரியில் நியோமெந்தைல் குளோரைடு கலந்திருக்கலாம். அது 200 மடங்கு வேகமானது என்பதால், 3-மெந்தீன் தொடக்கத்திலேயே மொத்தமாக உண்டாகி, பிறகு கூடாமல் நின்றுவிடும். இரண்டாவது, காரம் போதாமல் போயிருக்கலாம். காரம் இல்லாமல் நீர் கலந்த எத்தனாலில் சூடாக்கினால், குளோரின் முதலில் தானாகவே பிரிந்து நேர்மின் கார்பன் அயனி உண்டாகும். ஹைட்ரஜன் அதன் பிறகே போகிறது. குளோரின் போய்விட்டபின் அதற்கு எதிர்முனை என்ற நிபந்தனைக்கே இடமில்லை. உண்டாகும் ஆல்க்கீனில் சுமார் 68 சதவீதம் 3-மெந்தீனாகிவிடும். இந்த வகையில் 3-மெந்தீன் வினை முடியும்வரை சேர்ந்துகொண்டே போகும். எத்தாக்சைடின் செறிவைக் கூட்டினால் குறையும். ட்ரான்ஸ் டையாக்சியல் நிபந்தனை, இரண்டு பிணைப்புகளும் ஒரே கணத்தில் முறியும் வினைக்கு உரியது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எதிர்முனை ஹைட்ரஜனே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. பி.எச்.சி. என்ற பெயரில் வயல்களில் தூவப்பட்ட ஹெக்சாகுளோரோசைக்ளோஹெக்சேன் பல மாற்றியங்களின் கலவை. அவற்றுள் பீட்டா மாற்றியத்தில் ஆறு குளோரின்களும் ஈக்வடோரியல். வளையம் புரண்டால் ஆறும் ஒருசேர ஆக்சியலாகும், ஆறு ஹைட்ரஜன்களும் ஈக்வடோரியலுக்குப் போய்விடும். எந்த நாற்காலியிலும் ஒரு குளோரினுக்கு நேரெதிரே ஹைட்ரஜன் அமையாது. காரத்தோடு சேர்த்தால் மற்ற மாற்றியங்களைவிடப் பல ஆயிரம் மடங்கு மெதுவாகவே இது ஹைட்ரஜன் குளோரைடை இழக்கிறது என்று 1947-இல் அமெரிக்க வேதியியலாளர் கிறிஸ்டல் அளந்து காட்டினார். மண்ணிலும் உடற்கொழுப்பிலும் அந்தக் கலவையில் மிக நீண்டகாலம் தங்குவதும் இந்த மாற்றியம்தான்.