ஒரே இன்ஜினியர், மூன்று வேலை: எதைத் தள்ளுவது?

ஒரு கட்டட டிசைன் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர்தான். ஒரு பள்ளி நிர்வாகம் புதுக் கட்டடத்துக்கான முழு ஃபைலையும் 10 வேலை நாளில் கேட்டிருக்கிறது. அதில் இன்ஜினியர் கையால் ஆக வேண்டியவை மூன்று. அஸ்திவார டிசைன் 5 நாள்; அது முடிந்தபின் டிராஃப்ட்ஸ்மேன் வரைபடம் போட 5 நாள். கூரை டிரஸ் டிசைன் 2 நாள். அதை வைத்து ஸ்டீல் ஃபேப்ரிகேட்டர் கொட்டேஷன் தர 3 நாள். பக்கத்திலுள்ள பழைய கட்டடத்தின் விரிசல் குறித்த அறிக்கை 3 நாள். அதற்குப் பின் எதுவும் இல்லை.

ஒன்று முடிந்தால்தான் இன்னொன்று என்று இந்த மூன்றுக்குள் எந்தக் கட்டாயமும் கிடையாது. அதனால் திட்ட அட்டவணையில் மூன்றும் முதல் நாளே தொடங்கும். 1950-களின் பிற்பகுதியில் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான கிரிட்டிக்கல் பாத் கணக்கு அப்படித்தான் போடும். எது முடிந்தபின் எது என்று பார்க்குமே தவிர, செய்பவர் எத்தனை பேர் என்று அந்த அடிப்படைக் கணக்கு பார்ப்பதில்லை. அட்டவணைக்குக் கீழே இன்ஜினியரின் மணி நேரத்தை நாள்வாரியாக எழுதிப் பாருங்கள். முதல் 2 நாளும் 24 மணி நேரம், மூன்றாம் நாள் 16, அடுத்த 2 நாள் 8, அதற்குப் பின் பூஜ்யம். ஒரு மனிதருக்கு முதல் இரண்டு நாளும் 24 மணி நேர வேலை கொடுத்துவிட்டு, கடைசி ஐந்து நாள் சும்மா உட்கார வைத்திருக்கிறோம்.

இந்த மேட்டைக் குறைக்க இரண்டு வழி உண்டு: ரிசோர்ஸ் ஸ்மூத்திங், ரிசோர்ஸ் லெவலிங். இரண்டும் ஒன்றுதான் என்று பல அலுவலகங்களில் பேசுகிறார்கள். அப்படி இல்லை. ஸ்மூத்திங்கில் முடிவுத் தேதி அசையக்கூடாது. அதற்குள் எதைத் தள்ள முடியுமோ அதை மட்டும் தள்ளலாம். லெவலிங்கில் ஆளின் வேலை நேரம் மீறக்கூடாது. அதற்காகத் தேதி தள்ளிப்போனால் போகட்டும்.

முதலில் ஸ்மூத்திங். ஒரு வேலையை எத்தனை நாள் தாமதித்தாலும் கடைசித் தேதி நகராதோ, அந்த இடைவெளிக்கு ஃப்ளோட் என்று பெயர். அஸ்திவாரமும் வரைபடமும் சேர்ந்து 10 நாள், ஆகவே அஸ்திவாரத்துக்கு ஃப்ளோட் இல்லை. டிரஸ்ஸும் கொட்டேஷனும் சேர்ந்து 5 நாள், ஃப்ளோட் 5. அறிக்கைக்கு ஃப்ளோட் 7. அஸ்திவாரத்தை 1 முதல் 5-ஆம் நாள் வரை வையுங்கள். டிரஸ்ஸை 6, 7-க்குத் தள்ளுங்கள். கொட்டேஷன் 8-இல் தொடங்கி 10-இல் வந்துவிடும். அறிக்கை 8 முதல் 10 வரை. எல்லா நாளும் சரியாக 8 மணி நேரம், தேதியும் அப்படியே இருக்கிறது.

அழகாக முடிந்துவிட்டது என்று அட்டவணையை மூடிவிடக் கூடாது. தள்ளிய ஒவ்வொரு நாளும் ஃப்ளோட்டிலிருந்து எடுத்தது. இப்போது மூன்று வேலைக்கும் ஃப்ளோட் சுத்தமாக இல்லை. இன்ஜினியருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால், அது எந்த நாளாக இருந்தாலும் ஃபைல் ஒரு நாள் தாமதமாகும்.

இனி ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றுவோம். கொட்டேஷனுக்கு 3 நாள் போதாது, 5 நாள் வேண்டும் என்கிறார் ஃபேப்ரிகேட்டர். டிரஸ்ஸின் ஃப்ளோட் 3 ஆகக் குறைகிறது; 4-ஆம் நாள் அதைத் தொடங்கியே ஆக வேண்டும். ஆனால் 4, 5 இரண்டு நாளும் இன்ஜினியர் அஸ்திவாரத்தில் முழுதாக மூழ்கியிருக்கிறார். அந்த இரண்டு நாளிலும் 16 மணி நேரம் என்று காட்டிவிட்டு ஸ்மூத்திங் நின்றுவிடும். அதற்கு மேல் அதனால் ஆவது ஒன்றுமில்லை.

பெரும்பாலான அலுவலகங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். தேதியை மாற்றாமல், யாரிடமும் சொல்லாமல், இன்ஜினியரை இரவில் உட்கார வைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அஸ்திவாரம், டிரஸ் இரண்டுக்கும் சேர்த்து 56 மணி நேரத்தை 5 நாளில் அடைக்க வேண்டும். தினமும் 11 மணி நேரத்துக்கு மேல். பிள்ளைகள் உட்காரப்போகும் கட்டடத்தின் அஸ்திவாரக் கணக்கைக் களைத்துப்போன ஒருவர் இரவில் போடுவதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். இரண்டையும் பாதிப் பாதி நேரம் பார்க்கட்டும் என்பதும் உதவாது. டிரஸ் 2 நாளுக்குப் பதில் 4 நாள் இழுக்கும், அஸ்திவாரம் 7-ஆம் நாள்தான் முடியும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மனத்தைத் திருப்பும் நேரமும் வீணாகும்.

ஆகவே லெவலிங். அஸ்திவாரத்துக்கும் டிரஸ்ஸுக்கும் சேர்த்து 7 நாள். இரண்டில் எது பின்னால் வந்தாலும் அதற்கு அப்புறம் 5 நாள் வேலை இருக்கிறது. எப்படி அடுக்கினாலும் 12-க்குக் குறையாது. ஆனால் அடுக்கும் வரிசை முக்கியம். அஸ்திவாரத்தை முதலில் வைத்தால் கொட்டேஷன் 12-ஆம் நாள் மாலைதான் வரும். வெளியாள் ஒரு நாள் இழுத்தாலும் ஃபைல் தாமதம். டிரஸ்ஸை 1, 2-இல் முடித்துவிட்டால் கொட்டேஷன் 7-ஆம் நாளே வர வேண்டும். 5 நாள் இழுத்தாலும் பாதகமில்லை. அஸ்திவாரம் 3 முதல் 7 வரை, வரைபடம் 8 முதல் 12 வரை நம் அலுவலகத்துக்குள்ளேயே நடக்கும். அறிக்கை 8 முதல் 10 வரை. இரண்டு வரிசைக்கும் முடிவு நாள் ஒன்றுதான் என்றாலும் இரண்டாவதையே நான் எடுப்பேன். நம் கட்டுப்பாட்டில் இல்லாத வேலைக்கு ஃப்ளோட்டைக் கொடுத்து, நம் கையிலிருக்கும் வேலையை நெருக்கடியில் வைப்பதே மேல்.

10-ஆம் நாள் கட்டாயம் என்று பள்ளி பிடிவாதமாக நின்றால் இன்னொரு இன்ஜினியரை அழைக்கலாம். அப்போது பலரும் பழைய கட்டட அறிக்கையைத்தான் அவரிடம் தள்ளுவார்கள். தனியாக இருக்கிறது, ஒப்படைப்பது சுலபம் என்று. அதனால் ஒரு நாள்கூட மிச்சமாகாது. மோதல் இருப்பது அஸ்திவாரத்துக்கும் டிரஸ்ஸுக்கும் இடையில். அறிக்கையை எடுத்தாலும் 12 நாள் 12 நாள்தான். டிரஸ்ஸையோ அஸ்திவாரத்தையோ கொடுத்தால் மட்டுமே 10-க்குத் திரும்ப முடியும்.

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் பயன்படுத்துவோர் இந்த இரண்டு வழிகளையும் ஒரே சாளரத்தில் காணலாம். அதிகச் சுமை ஏறிய ஆளின் வேலைக்கு நேரே சிவப்பு மனித உருவம் தெரியும். லெவலிங் அமைப்புகளில் `Level only within available slack` என்றொரு கட்டம் உண்டு. அதை டிக் செய்தால் மென்பொருள் ஃப்ளோட்டுக்குள் மட்டும் வேலைகளைத் தள்ளும், அதுதான் ஸ்மூத்திங். டிக் இல்லாவிட்டால் முடிவுத் தேதியையும் சேர்த்துத் தள்ளிவிடும். எந்த வேலை முதலில் நிற்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வேலைக்கும் 0 முதல் 1000 வரை `Priority` எண் கொடுத்து நாம்தான் சொல்ல வேண்டும். கொடுக்காவிட்டால் எல்லாவற்றுக்கும் 500 என்று இருக்கும். வெளியாளின் கொட்டேஷன் இழுத்துக்கொண்டு போகக்கூடியது என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியாது.

எனவே முதலில் அந்தக் கட்டத்தை டிக் செய்து ஓட்டிப் பாருங்கள். சிவப்பு மறைந்தால் தேதி நிற்கும். ஃப்ளோட் எவ்வளவு மிஞ்சியது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு மறையவில்லை என்றால், வாடிக்கையாளரிடம் பேச வேண்டியது 10-ஆம் நாள் அல்ல, அன்றைக்கே.