பணிவிடை செய்த பிள்ளைக்குப் பங்கு கூடுமா?

பக்கவாதத்தில் படுத்த தாயை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் மகளோ மகனோ வார்டு வாசலில் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இத்தனை வருடம் நான்தானே பார்த்தேன், சட்டம் அதைக் கணக்கில் எடுக்காதா?" எடுக்காது என்பதே நேர்மையான பதில். ஆயினும் பதில் அத்துடன் முடிந்துவிடவில்லை.

கோத்தகிரிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். தாய்க்குச் சொந்தமாக ஒரு ஏக்கர் தேயிலைத் தோட்டம். வங்கியில் 3 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை. தந்தை இல்லை. இரு மகன்கள் கோயம்புத்தூரில். மகள் வேலையை விட்டுவிட்டு ஆறு ஆண்டுகள் தாயைத் திருப்பிப் படுக்கவைத்து, படுக்கைப்புண் வராமல் காத்து, குழாய் வழியே உணவு கொடுத்தாள். பசுந்தேயிலை விற்ற பணம் மருந்துக்குப் போதாத மாதங்களில் தன் நகையை அடகு வைத்தாள். தாய் உயில் எழுதாமல் மறைகிறார்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் சமபங்கு. நூறு சென்டில் ஆளுக்கு முப்பத்து மூன்று சென்டும் சற்றுக் கூடுதலும். வங்கிப் பணத்தில் ஆளுக்கு ஒரு லட்சம். வைப்புத்தொகைக்கு மகளே நாமினியாக இருந்தாலும் கணக்கு மாறாது. நாமினி பணத்தை வங்கியிலிருந்து வாங்கலாம்; பிற வாரிசுகளின் பங்கைக் கொடுத்தாக வேண்டும். இதைப் பலர் தாமதமாகவே அறிகிறார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களிலும் பிள்ளைகளுக்குள் சமபங்கே. இஸ்லாமியக் குடும்பங்களில் பங்கு விகிதம் வேறு; ஆனால் அங்கும் பணிவிடைக்கென்று தனிப்பங்கு கிடையாது. ஆஸ்திரியாவில் 2017 முதல் நோயாளியைப் பராமரித்த நெருங்கிய உறவினருக்குச் சொத்திலிருந்து தனித்தொகை உண்டு. நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை.

ஆகவே கூடுதல் பங்கு இரண்டே வழிகளில் வரும். சகோதரர்கள் மனமுவந்து தங்கள் பங்கை விடுதலைப் பத்திரம் எழுதி விட்டுக்கொடுக்கலாம். அல்லது பெற்றவரே உயிருடன் இருக்கையில் எழுதிவைக்கலாம். தம் சொந்தச் சொத்தை ஒரே பிள்ளைக்கு எழுதவும் இந்துப் பெற்றோருக்கும் கிறிஸ்தவப் பெற்றோருக்கும் உரிமை உண்டு. சுன்னி முஸ்லிம் பெற்றோர் வாரிசு ஒருவருக்கு உயில் எழுதினால், அவர் மறைவுக்குப் பின் மற்ற வாரிசுகள் இசைந்தாலே அது செல்லும்.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. பணிவிடை செய்பவரே வழக்கறிஞரை அழைத்துவருகிறார், தாள் வாங்குகிறார், நடுங்கும் கையைப் பிடித்துக் கையெழுத்திட வைக்கிறார். அவர் பார்வையில் அது உதவி. நீதிமன்றத்தின் பார்வையில் அதுவே ஐயம். உயிலால் பயன்பெறுபவர் அதை எழுதுவதில் முன்னின்றால், ஐயத்தைப் போக்கும் பொறுப்பு அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 1958இலேயே கூறிவிட்டது. உண்மையாகவே உழைத்த பிள்ளைகள் பலர் தோற்பது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை; பதிவும் கட்டாயமில்லை. எழுதுபவர் கையொப்பமோ கைநாட்டோ இட வேண்டும்; இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். பயன்பெறும் பிள்ளையோ அவர் துணைவரோ சாட்சியாக நிற்கலாகாது. மற்ற பிள்ளைகளின் பெயரைக் குறிப்பிட்டு, அவர்களுக்கு ஏன் குறைத்தார் என்பதைப் பெற்றவரே தம் சொற்களில் சொல்லியிருந்தால் பின்னாளில் பேருதவி. மயக்கமூட்டும் மருந்தோ கடும் காய்ச்சலோ குழப்பமோ இருக்கும் நாளில் எழுதக்கூடாது. அன்றைய மருத்துவக் குறிப்பே பின்னர் எதிர்ச்சாட்சியாகும். மறதிநோய் தொடக்கத்தில் இருந்தால், தெளிவான நாளொன்றில் மருத்துவர் பரிசோதித்து எழுதித் தரும் சான்று மதிப்புள்ளது.

சிலர் உயிருக்குப் பதில் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிவிடுகிறார்கள். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்டில் சொத்து அன்றே கைமாறிவிடும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் 87 வயதுத் தாய் ஒருவர், மகள்கள் இருந்தும், தம்மைக் காப்பான் என்ற நம்பிக்கையில் மகனுக்கே வீட்டை எழுதிக் கொடுத்தார். மகன் இறந்தபின் மருமகள் கவனிக்கவில்லை. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரம் ரத்தானது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அன்பின் பேரில் எழுதியதிலேயே பராமரிக்கும் நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது நீதிமன்றம். ஆனால் நிபந்தனை நிலைநாட்டப்பட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்புடன் கூறியிருப்பதால், பத்திரத்திலேயே அதை எழுதிவிடுவது நல்லது. நீலகிரியில் இத்தகைய மனுவை உதகை, குன்னூர், கூடலூர் கோட்டாட்சியர் அலுவலகங்களில் கொடுக்கலாம்.

உயிலைப் பதிவுசெய்ய விரும்பியும் மலைப்பாதையில் பயணம் செய்ய இயலாத நோயாளிக்கு, சார்பதிவாளர் படுக்கையருகே வந்து பதிவுசெய்யச் சட்டத்தில் இடமுண்டு. உடல்நிலைக்கான மருத்துவச் சான்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். அவர் வரும்போது, பயன்பெறும் பிள்ளை அறைக்கு வெளியே இருக்கட்டும்.