கொம்பு இடம் மாறிய பொங்கல்

போன தைப் பொங்கலன்று எங்கள் தெருக் கோலங்களையெல்லாம் படம்பிடித்து, போனிலேயே ஒரு நிமிட வீடியோவாகக் கோத்தேன். முகப்பில் ‘பொங்கல் வாழ்த்து’ என்று தட்டினேன். தட்டிய பெட்டியில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. வீடியோவின் மேல் ஏறியதும் ‘ப’ தனியாக நின்றது. அதற்கு வலப்பக்கத்தில் ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் ஒட்டாமல் கிடந்தன. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, “தம்பி, தப்பா அடிச்சிட்டியா?” என்று கேட்டார்.

நான் தப்பாக அடிக்கவில்லை. கையால் ‘பொ’ எழுதும்போது கொம்பைப் போட்டுவிட்டுத்தான் ‘ப’ போடுகிறோம். யூனிகோடு அப்படிச் சேமிப்பதில்லை. ஒலிக்கும் வரிசைப்படி முதலில் ‘ப’, பிறகு ஒகரக் குறி என்று இரண்டு எண்களாக வைக்கிறது. அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது திரையில் எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. ஆண்ட்ராய்டு போனில் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் அதைச் செய்கிறது. தட்டும் பெட்டி பெரும்பாலும் போனுடையது என்பதால் அங்கே பிழை தெரியாது. வீடியோ மேல் வரும் எழுத்தைச் சில செயலிகள் தாமே வரைந்துகொள்கின்றன. அங்கே இந்தச் சேர்க்கை வேலையை விட்டுவிட்டால், எண்கள் இருக்கும் வரிசையிலேயே உருக்கள் வந்து விழும். ஆங்கிலத்துக்கு இந்த வேலை தேவையில்லை. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்குக் குறை கண்ணில் பட்டிருக்காது.

எனவே முதலில் நோய் எது என்று பார்க்க வேண்டும். ‘கொ, கை, து’ என்ற மூன்றையும் தட்டிப் பாருங்கள். எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தால் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை; வேறு எழுத்துரு போதும். கொம்பு வலப்பக்கம் போய், ‘து’வின் வால் தனியாக நின்றால் கோளாறு செயலியில் இருக்கிறது. நான் ஏழு யூனிகோடு எழுத்துருக்களை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு மாலையையே தொலைத்தேன். அவற்றால் இது தீராது. சும்மா இருக்கும்போது சரியாக நின்று, எழுத்து எழுத்தாகத் தோன்றும் அசைவைக் கொடுத்ததும் உடைந்தால், அந்த அசைவுதான் உயிர்மெய்யைப் பிய்க்கிறது. பிரிந்த குறியின் பக்கத்தில் புள்ளி வட்டம் தெரிவதும் உண்டு. சொல் சொல்லாகத் தோன்றும் அசைவுக்கு மாற்றி, எழுத்து இடைவெளியைச் சுழியத்தில் வைத்துப் பாருங்கள்.

கோளாறு செயலியில் என்றால், வெளியிலிருந்து எழுத்துருவைச் சேர்க்க அது விடுகிறதா என்று பார்க்க வேண்டும். விட்டால் பாமினி கைகொடுக்கும். யூனிகோடு பரவுவதற்கு முன்பே இலங்கைத் தமிழர் பெரிதும் பயன்படுத்திய எழுத்துரு அது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருக்களை, கண்ணில் படும் வரிசையில் வைத்திருப்பதால் சேர்க்கை வேலையே தேவைப்படாது. பாமினியின் `.ttf` கோப்பைச் செயலியில் சேருங்கள். உங்கள் வரியை, யூனிகோடைப் பாமினியாக மாற்றித் தரும் இணையப் பக்கம் ஒன்றில் போட்டு எடுங்கள். என் வரி இப்படி வந்தது:

```
nghq;fy; tho;j;J
```

இதை ஒட்டிவிட்டு எழுத்துருவைப் பாமினி என்று மாற்றினால் ‘பொங்கல் வாழ்த்து’ வந்துவிடும். இதில் `n` ஒற்றைக் கொம்பு, `g` என்பது ‘ப’, `h` துணைக்கால், அரைப்புள்ளி மெய்யின் புள்ளி. ஒட்டாமல் கையால் தட்டினால் போன் தானாக முதல் எழுத்தைப் பெரிதாக்கிவிடும். `N` என்பது இரட்டைக் கொம்பு. பொங்கல் ‘போங்கல்’ ஆகிவிடும். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் தலைப்பு வார்ப்புகளை எடுத்தால் வரி முழுவதுமே சிதைந்துவிடும். காற்புள்ளி தட்டினால் ‘இ’ வரும். ஆங்கிலப் பெயர் கலந்து வந்தால் அதைத் தனி எழுத்துப் பெட்டியில், வேறு எழுத்துருவில் போட வேண்டும்.

எழுத்துருவைச் சேர்க்க விடாத செயலியில் படமாகக் கொண்டுபோவதே வழி. தமிழ் சரியாகத் தெரியும் வேறொரு செயலியில் தலைப்பை எழுதி, பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாகச் சேமித்து, வீடியோ மேல் அடுக்குங்கள். முழு எச்.டி. வீடியோவுக்குப் படத்தின் அகலம் 1920 புள்ளிகள் இருக்கட்டும்; சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் ஓரம் மங்கும். பின்னணியை நீக்க முடியாவிட்டால் கறுப்பின் மேல் வெள்ளையில் எழுதித் திரைப்பிடிப்பு எடுத்து, கலப்பு முறையில் ‘ஸ்கிரீன்’ என்பதைத் தேர்ந்தால் கறுப்பு மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். ஆனால் பிழை கண்ணில் பட்டால் அங்கேயே திருத்த முடியாது, படத்தை மறுபடி செய்ய வேண்டும். அதனால் அடுக்கும் முன்பே ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுவேன்.

அன்றைக்குப் பாமினியில்தான் முடித்தேன். அக்கா போனை வாங்கி, கொம்பு இடப்பக்கம் இருக்கிறதா என்று விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் தெருக் குழுவுக்கு அனுப்பினார்.