நிறுத்துவதற்காக எழுதப்படும் படம்

குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றிப் பத்து நிமிடக் குறும்படம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைக்காட்சிக்காக எடுத்தது. பின்னணியில் இசை, கணீரென்ற குரலில் விளக்கம், நடுநடுவே திரையில் ஓடும் எழுத்துகள், முடிவில் ஒரு வாசகம். இதை அப்படியே ஒரு கிராமத்துச் சமுதாயக் கூடத்தில் புரொஜெக்டர் வைத்துப் போட்டால், பத்து நிமிடம் எல்லாரும் பார்ப்பார்கள். விளக்கைப் போட்டதும் எழுந்து போவார்கள். வாசலில் யாரையாவது நிறுத்தி "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டால், "பேதிக்குப் பாக்கெட்டு கரைச்சுக் குடுக்கணுமாம்" என்பார்கள். எவ்வளவு தண்ணீரில் என்று கேட்டால் பதில் தடுமாறும்.

கூடத்தில் காட்டும் படத்துக்கு நடுவில் நிறுத்தங்கள் வேண்டும். அங்கே ஒருவர் எழுந்து பேச்சைத் தொடங்கி வைக்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரோ அங்கன்வாடி டீச்சரோ அதைச் செய்யலாம். 2006-இல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வு நிலையத்தில் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் திட்டம் விவசாயிகளிடையே இதைச் சோதித்துப் பார்த்தது. உள்ளூர் விவசாயிகளே தோன்றும் படங்களை, உள்ளூர்க்காரர் ஒருவர் நிறுத்தி நிறுத்திக் காட்டிக் கேள்வி கேட்டார். 2009-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, 16 கிராமங்களில் 13 மாதம் நடந்த அந்தச் சோதனையில், வழக்கமான வேளாண் விரிவாக்க முறையைவிட ஏழு மடங்கு அதிகமாகப் புதிய முறைகள் கைக்கொள்ளப்பட்டன.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் படத்தில் தோன்றிய இடத்தில் பொத்தானை அழுத்தினால் நிறுத்தம் ஆகிவிடாது. அது எழுத்திலேயே இருக்க வேண்டும். ஒரு காட்சியை எழுதுவதுபோல நிறுத்தத்தையும் எழுத வேண்டும். கடைசியாகத் திரையில் நிற்கும் படம் எது, கேட்கப்படும் கேள்வி எது, பேச்சு முடிந்ததும் படத்தில் வரும் முதல் வாக்கியம் எது என்ற மூன்றும் தாளில் முடிவாகியிருக்க வேண்டும். வழக்கமான திரைக்கதைத் தாளில் காட்சிக்கு ஒரு பத்தி, ஒலிக்கு ஒரு பத்தி இருக்கும். இதில் கூடத்துக்கென்று மூன்றாவது பத்தி ஒன்று சேர்கிறது.

அந்தப் பழைய எழுத்தை எடுத்துத் திருத்திப் பார்ப்போம். தொலைக்காட்சிப் படத்தின் தொடக்கத்தில் ஒரு பாட்டி வருகிறாள். பேரனுக்கு வயிற்றால் போகிறது. "தண்ணி குடுக்காதே, இன்னும் போகும்" என்கிறாள். பிறகு தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். உடனே விளக்கக் குரல், "இதுபோன்ற மூடநம்பிக்கைகளால்தான்..." என்று ஆரம்பித்துவிடுகிறது. கூடத்தில் இது எடுபடாது. தொக்கம் எடுக்கிற அம்மாளே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும். அவரிடம் பிள்ளையைக் கொண்டுபோன பத்துத் தாய்மார் அவரைச் சுற்றி இருப்பார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஆகவே விளக்கக் குரலை அடித்துவிட்டு, அதே இடத்தில் முதல் நிறுத்தத்தை எழுதலாம். பாட்டி "தண்ணி குடுக்காதே" என்கிறாள். மருமகள் இடுப்பில் பிள்ளையோடு, கையில் சொம்போடு நிற்கிறாள். அந்தக் காட்சி அப்படியே உறைகிறது. செவிலியர் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த வீட்டுல அடுத்து என்ன செய்வாங்க?" இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. "என்ன செய்யணும்?" என்று கேட்டால் எல்லாரும் சேர்ந்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல, "ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்பார்கள். "என்ன செய்வாங்க?" என்று கேட்டால் தங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்வார்கள். யாரையும் குற்றம் சாட்டாமல், திரையில் நிற்கிற குடும்பத்தின் பேரில் பழியைப் போட்டுப் பேச முடிகிறது. ஒருவர் தொக்கம் என்பார், இன்னொருவர் ஜவ்வரிசிக் கஞ்சி என்பார், மற்றொருவர் தாய்ப்பாலை நிறுத்துவோம் என்பார். செவிலியருக்கான தாளில் இப்படி எழுதலாம்: "சரி, தப்பு சொல்ல வேண்டாம். 'அப்புறம்?' என்று மட்டும் கேளுங்கள். மூன்று நான்கு பேர் பேசியதும் படத்தைத் தொடருங்கள்."

தொடரும்போது வரும் முதல் வாக்கியத்தில்தான் பெரும்பாலான எழுத்துகள் சறுக்குகின்றன. "ஆமாம், சரியாகச் சொன்னீர்கள்!" என்று படம் உற்சாகமாகப் பேசத் தொடங்கும். கூடத்தில் யாருமே சரியாகச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அல்லது படம் சொல்லப்போவதை ஒருத்தி ஏற்கெனவே அழகாகச் சொல்லி முடித்திருக்கலாம். படத்துக்கு அது தெரியாது. எந்தப் பதில் வந்திருந்தாலும் பொருந்துகிற வாக்கியம் வேண்டும் என்றால், கதையைத்தான் நகர்த்த வேண்டும். "அதே நேரம் பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்தாள்" என்று தொடங்கினால் எந்தச் சிக்கலும் இல்லை. அந்த அக்காவின் வாயில் முக்கியமான செய்தியை வைக்கலாம்: "போறதை நிறுத்துறதுக்கு இல்ல இந்தத் தண்ணி. போன தண்ணியைத் திரும்பக் குடுக்கிறதுக்கு." இதைச் சொல்லாமல் விட்டால், பாக்கெட்டைக் கரைத்துக் கொடுத்த தாய், பேதி நிற்கவில்லை என்று மாலைக்குள் கைவிட்டுவிடுவாள்.

இரண்டாவது நிறுத்தம்தான் இந்தப் படத்தின் உயிர். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எத்தனை தண்ணீரில் கரைப்பது? பொதுச் சுகாதார நிலையத்தில் கிடைக்கும் பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. கடையில் 200 மில்லிக்கான சிறிய பாக்கெட்டும் உண்டு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துவிட்டால் உப்பும் சர்க்கரையும் மிகுந்து, கரைசல் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். இரத்தத்தில் உப்பு ஏறினால் குழந்தைக்கு ஆபத்து. தண்ணீர் கூடிப்போனால் கரைசல் வேலை செய்யாது. பழைய படத்தில் இதைச் சொல்ல, "1 லிட்டர்" என்று திரையில் எழுத்து மின்னும். வாசிக்கத் தெரியாதவருக்கு அது எழுத்தே இல்லை. தெரிந்தவருக்கோ, தன் வீட்டுச் சொம்பு எத்தனை லிட்டர் என்று தெரியாது.

அதனால் மருமகள் பாக்கெட்டைக் கிழிக்கப் போகும் கணத்தில், பக்கத்தில் சொம்பும் டம்ளரும் குடமும் தெரிகிற காட்சியில் படம் நிற்கிறது. செவிலியர் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் ஒரு பாக்கெட்டையும் எடுத்து வைக்கிறார். வரும்போதே வீட்டுச் சொம்பைக் கொண்டுவரச் சொல்லியிருக்க வேண்டும். "உங்க சொம்புல இந்த பாட்டில் தண்ணி எத்தனை தடவைல நிறையும்?" என்று கேட்டு, ஊற்றிக் காட்டச் சொல்கிறார். ஒரு சொம்பில் முக்கால் பாட்டிலிலேயே வழியும். இன்னொன்றில் பாட்டில் முழுதும் அடங்கி இடம் மீதி இருக்கும். தன் சொம்பில் எந்த மட்டம்வரை ஊற்ற வேண்டும் என்பது ஒவ்வொருவர் கைக்கும் அப்போது தெரிந்துவிடுகிறது. படம் எத்தனை அருமையாக எடுக்கப்பட்டிருந்தாலும் இதைச் செய்ய முடியாது.

இதே பேச்சில் யாராவது கடையில் விற்கும் அட்டைப்பெட்டிப் பானத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஓ.ஆர்.எஸ். என்ற பெயர் ஒட்டி விற்றுவந்த சர்க்கரைப் பானங்களில் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. செவிலியரின் தாளில் இதற்கு இரண்டு வரி இருந்தால் போதும். படத்தில் சேர்க்கத் தேவையில்லை. கடையின் பெயரும் பொட்டலத்தின் தோற்றமும் மாறிக்கொண்டே இருக்கும், படத்தை ஒவ்வொரு முறையும் திருத்த முடியாது.

பிறகு படம் தானே சொல்லிக்கொண்டு போகிறது. இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு முறை போனதும் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர்வரை, கரண்டியால். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி மெதுவாக. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. தாய்ப்பாலும் சோறும் நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரை, பேதி நின்ற பிறகும் மொத்தம் 14 நாள். இந்தப் 14 நாளுக்கும் ஒரு நிறுத்தம் வைக்க எழுதுபவருக்கு ஆசை வரும், ஏனெனில் மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்துகிற வீடுகள் நிறைய. ஆனாலும் வேண்டாம் என்பேன். பத்து நிமிடப் படத்தில் மூன்று நிறுத்தம் என்றால் நிகழ்ச்சி நாற்பது நிமிடத்தை நெருங்கிவிடும். நான்காவதில் அடுப்பு வேலையும் மாட்டு வேலையும் ஆட்களை அழைத்துக்கொண்டு போய்விடும்.

மூன்றாவது நிறுத்தத்தின் விதியே வேறு. கண் குழிந்து போவது, குழந்தை துவண்டு கிடப்பது, குடிக்க முடியாமல் போவது, மலத்தில் இரத்தம், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே சமமாவது ஆகிய ஆபத்து அறிகுறிகள் இங்கே வருகின்றன. இவற்றுக்கு முன்னால் நிறுத்தி "என்ன தெரியும்?" என்று கேட்கக் கூடாது. யாரோ ஒருவர் உறுதியான குரலில் சொல்லும் தவறான பதில் படத்தைவிட நன்றாக நினைவில் நின்றுவிடும். பழக்கத்தைப் பற்றிப் பேச, செய்திக்கு முன்னால் நிறுத்தலாம். உயிர் போகிற விஷயத்தில் செய்தியை முழுதும் சொல்லிவிட்டு, அதற்குப் பின்னால் நிறுத்த வேண்டும். அப்போது கேள்வி இப்படி அமையும்: "ராத்திரி பதினோரு மணிக்கு இப்படி ஆனா, 108-க்கு யார் போன் பண்ணுவாங்க? வண்டி தெருவுக்குள்ள வருமா, நாம ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போகணுமா?" பழைய படத்தில் இந்த இடத்தில் குழந்தை இறந்துபோகும் காட்சி இருந்தால் அதை எடுத்துவிடலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர் கூடத்தில் இருந்தால், அதற்குப் பிறகு வண்டியைப் பற்றிப் பேச யாருக்கும் நா எழாது.

எந்திர சங்கதி ஒன்றும் உண்டு. இருட்டில் லேப்டாப்பின் பொத்தானைத் தேடி அழுத்துவதற்குள் அடுத்த காட்சி ஓடிவிடும். பதில் வெளியாகிவிட்டால் கேள்வி செத்துவிடும். ஆகவே நிறுத்தத்தின் உறைந்த காட்சியைப் படத்திலேயே இருபது நொடி நீட்டி வைத்து, அதன் தொடக்கத்தில் ஒரு மணியொலி சேர்க்கலாம். மணி கேட்டதும் நிதானமாக அழுத்த நேரம் கிடைக்கும். நிறுத்தியதும் ஒரு விளக்கைப் போட வேண்டும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் பேச்சு வளராது. விளக்கு வெளிச்சத்தில் திரை வெளிறும் என்பதால் உறைந்த காட்சியில் நுணுக்கம் வேண்டாம், பெரிய உருவம் ஒன்றிரண்டு போதும். தகரக் கூரையில் எதிரொலி இருக்கும் என்பதால் வசனத்துக்குக் கீழே ஓடும் இசையையும் எடுத்துவிட வேண்டும்.

எழுத்து சரியா என்று படம் எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். நாலைந்து பெண்களை உட்கார வைத்து வாசித்துக்காட்டி, நிறுத்தத்தில் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "ஆமாங்க" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் கேள்வி பழுது. எல்லாரும் செவிலியரையே பார்த்துப் பேசினால், "பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட ரெண்டு நிமிஷம் பேசிட்டுச் சொல்லுங்க" என்ற வரியைச் சேர்க்க வேண்டும். தலைவரும் ஆண்களும் வாசலில் நிற்கிற ஊர்களில் இந்த வரி இல்லாமல் பெண்கள் பேசுவது கடினம். செவிலியருக்குத் தாள் ஒரு வாரம் முன்பே போக வேண்டும், கேள்வியைத் தன் ஊர்ப் பேச்சில் மாற்றிக்கொள்ளும் உரிமையோடு. நடுவில் மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது என்ற வரியும் அதில் இருக்கட்டும்: "இரண்டாவது நிறுத்தத்தை மட்டும் விடாமல் நடத்துங்கள். அதற்குப் பாக்கெட்டும் பாட்டிலும் சொம்புகளும் போதும்."